செய்திக் குறிப்பு அனுப்புகிறீர்களா? போனை எடுக்க ஆள் வையுங்கள்

பம்புசெட், மோட்டார் தொழிலைப் பற்றி எழுதும் ஒரு மாத இதழில் சில ஆண்டுகள் செய்தி மேசையில் இருந்தேன். காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் ஒரே தலைப்பில் வரிசையாகக் கிடக்கும்: ‘பத்திரிகைச் செய்தி – பிரசுரிக்க வேண்டுகிறோம்’. யார் அனுப்பியது, எதைப் பற்றியது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். திறந்தால் உள்ளே ஒன்றுமே எழுதியிருக்காது, ஒரு பி.டி.எஃப். மட்டும் தொங்கும். லெட்டர்ஹெட்டில் அச்சடித்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, அதை ஸ்கேன் செய்து அனுப்பியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு வரியைக்கூட நகலெடுக்க முடியாது. பிரசுரிக்க வேண்டுமானால் நான் உட்கார்ந்து முழுவதையும் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். மாதக் கடைசியில் அதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது?

அப்படி வந்து நான் ஒதுக்கிய ஒரு குறிப்பைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். அனுப்பியவர் கோவை கணபதிப் பக்கம் சப்மெர்சிபிள் பம்பு செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் உரிமையாளர். செய்தி வரவில்லை என்றதும் அவரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். “ஏங்க, விளம்பரம் குடுத்தாத்தான் போடுவீங்களா?” என்றார். கோபம் இல்லை, நியாயமான சந்தேகம்தான். அன்று மாலை அவருடைய பட்டறையில் உட்கார்ந்து அந்தக் குறிப்பைப் பிரித்துப் பார்த்தோம். துறை இதழுக்குச் செய்தி அனுப்ப விரும்பும் எவருக்கும் அன்று நடந்தது பயன்படும்.

முதலில், துறை இதழ்க்காரர் யார் என்று பார்ப்போம். நாளிதழ் நிருபர் காலையில் கலெக்டர் அலுவலகம், மதியம் விபத்து, மாலையில் உங்கள் கண்காட்சி என்று ஓடுபவர். பம்பு என்றால் தண்ணீர் இறைப்பது என்ற அளவில் அவருக்குத் தெரிந்தால் போதும். துறை இதழ் நிருபர் வேறு ரகம். வருஷக்கணக்காக ஒரே தொழிலைப் பற்றி எழுதுகிறவர். அவருக்கு ஃபவுண்டரி முதலாளியைத் தெரியும், மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரரைத் தெரியும், ஈரோட்டு டீலரைத் தெரியும். அவர் இதழைப் படிப்பவர்களும் இவர்கள்தான். ‘புரட்சிகரமான’, ‘உலகத்தரம் வாய்ந்த’ என்ற சொற்கள் அவர் கண்ணில் படுவதே இல்லை. அவர் தேடுவது என் வாசகன் இதைப் படித்துவிட்டு என்ன செய்வான் என்பதை. ஆர்டர் போடுவானா, ஸ்டாக் வைப்பானா, போட்டிக்காரனைப் பார்த்துப் பயப்படுவானா? இதில் ஒன்றாவது நடக்க வேண்டும்.

உரிமையாளர் அனுப்பிய குறிப்பின் முதல் பத்தியில் நிறுவனம் தொடங்கிய கதை இருந்தது. இரண்டாம் பத்தியில் மத்திய அரசின் திட்டங்களுக்குப் பாராட்டு. மூன்றாம் பத்தியின் நடுவில்தான் செய்தி: புதிய 5 எச்.பி. பம்பு, ‘30 சதவீத மின்சேமிப்பு’. அந்த எண்ணால்தான் நான் குறிப்பை ஒதுக்கினேன். எண் பொய் என்பதால் இல்லை. எதோடு ஒப்பிட்டு 30 என்று அதில் இல்லை. கேட்கலாம் என்றால், கீழே இருந்தது அலுவலகத்தின் தரைவழி எண். இரண்டு முறை அழைத்தேன். முதல் முறை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது முறை எடுத்தவர் “எம்.டி. வெளியூர் போயிருக்காருங்க, திங்கக்கிழமை கூப்பிடுங்க” என்றார். இதழ் முடிவது சனிக்கிழமை. அதோடு அந்தச் செய்தியின் கதை முடிந்தது.

பட்டறையில் அவருடைய வடிவமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். முப்பது வயது இருக்கும், கையில் கிரீஸ். “இந்த 30 எங்கிருந்துங்க வந்துச்சு?” என்று கேட்டேன். அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தலையசைத்ததும் சொன்னார்: ஒரு விவசாயியின் கிணற்றில் ஓடிக்கொண்டிருந்த பழைய பம்பைக் கழற்றிவிட்டு இதைப் போட்டார்களாம். பழையது இரண்டு முறை ரீவைண்டிங் ஆனது, இம்பெல்லர் தேய்ந்தது. இறைத்த தண்ணீருக்கு எத்தனை யூனிட் என்று கணக்குப் போட்டதில் 30 சதவீதம் குறைந்ததாம்.

தேய்ந்த பம்பைக் கழற்றிவிட்டு யாருடைய புதிய பம்பைப் போட்டாலும் யூனிட் குறையத்தான் செய்யும். இந்த எண்ணை அப்படியே அச்சிட்டிருந்தால், மறுநாள் போட்டி நிறுவனத்துக்காரர் எனக்குப் போன் செய்து சிரித்திருப்பார். சரி, அவர்களுடைய முந்தைய மாடலோடு, ஒரே நிலையில் வைத்துச் சோதித்தது உண்டா என்றேன். உண்டு. 60 மீட்டர் ஹெட்டில், அதாவது ஏறக்குறைய 200 அடி உயரத்துக்கு, நொடிக்கு 4.5 லிட்டர் தண்ணீர். பழைய மாடல் 5.4 கிலோவாட் இழுத்தது. புதியது 4.6. குறைவு 0.8 கிலோவாட், அதாவது 15 சதவீதம்.

இதைச் சரிபார்ப்பது கடினமில்லை. நொடிக்கு இத்தனை லிட்டர், இத்தனை மீட்டர் உயரம் என்று தெரிந்தால், இரண்டையும் பெருக்கி அதை 9.81 ஆல் பெருக்கினால் தண்ணீருக்குப் போய்ச் சேரும் சக்தி வாட் கணக்கில் வந்துவிடும். இங்கே அது 2,650 வாட் அளவு. 4.6 கிலோவாட் உள்ளே கொடுத்து 2.65 வெளியே வந்தால் பம்பும் மோட்டாரும் சேர்ந்த திறன் 58 சதவீதத்துக்கு அருகில். பழைய மாடலில் அது 49. துறை நிருபர் இந்தக் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பார். உங்கள் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துவந்தால் அடுத்த பத்தியையும் நம்புவார். ஒத்துவராவிட்டால் மொத்தத்தையும் மூடிவிடுவார். ஆகவே செய்திக் குறிப்பில் ஒரு சதவீதம் எழுதினால், எதோடு ஒப்பிட்டது, எந்த ஹெட்டில், எவ்வளவு தண்ணீர், யார் சோதித்தது என்ற நான்கும் அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சொந்தப் பட்டறையில் சோதித்ததா, கோவையிலேயே இருக்கும் சிடார்க் போன்ற வெளி ஆய்வகத்தில் சோதித்ததா என்பதையும் மறைக்காமல் எழுதலாம். சொந்தச் சோதனை என்று எழுதுவதில் கேவலம் எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டு, நிருபர் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் சங்கடம்.

30 போய் 15 ஆனதும் உரிமையாளரின் முகம் வாடிவிட்டது. “பதினஞ்சுக்கு யாருங்க செய்தி போடுவாங்க?” என்றார். அவர் கேட்டது சரிதான், ஆனால் காரணம் வேறு. தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அவருடைய டீலர்களில் பெரும்பாலோர் ஈரோடு, நாமக்கல், திண்டுக்கல் பக்கம் விவசாயிகளுக்கு விற்பவர்கள். கரண்டு பில்லே கட்டாத ஒருவரிடம் போய், பில் குறையும் என்று எந்த டீலர் சொல்லி விற்பார்? பதினைந்தோ முப்பதோ, மின்சேமிப்பு அந்த வாசகருக்குச் செய்தியே இல்லை. தண்ணீர் ஏற்ற மின்கட்டணம் செலுத்தும் அடுக்குமாடிச் சங்கத்துக்கோ, பில் கட்டும் தொழிற்சாலைக்கோ அது செய்தி. அவர்கள் படிப்பது வேறு இதழ். இதே குறிப்பைக் கட்டடப் பராமரிப்பு இதழுக்கு அனுப்பினால் மின்சேமிப்பு முதல் வரிக்கு வரவேண்டும். ஒரே குறிப்பை நாற்பது பேருக்கு அனுப்பும் பழக்கம் இங்கேதான் கவிழ்கிறது.

“வேற என்ன மாத்தியிருக்கீங்க?” என்று பொறியாளரைக் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: “லோ வோல்டேஜ்ல காயில் எரியாதுங்க. 320 வோல்ட் வெச்சு எட்டு மணி நேரம் ஃபுல் லோடுல ஓட்டிப் பாத்தோம். சூடு லிமிட்டுக்குள்ளதான் இருந்துச்சு.”

நான் பேனாவை எடுத்தேன். செய்தி இதுதான். த்ரீ பேஸ் லைனில் 415 வோல்ட் இருக்க வேண்டும். லைனின் கடைசியில் இருக்கும் தோட்டங்களுக்கு, எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போடும்போது, வோல்டேஜ் இறங்கிவிடும். தூக்க வேண்டிய தண்ணீர் அதேதான், வோல்டேஜ் மட்டும் குறைவு என்றால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் கூடினால் காயில் சூடேறும், கடைசியில் எரியும். சப்மெர்சிபிளில் காயில் எரிந்தால் அது கிணற்றோடு முடிகிற வேலை இல்லை. ஆள் வைத்துப் பைப்பைக் கழற்றிக் கழற்றி மேலே தூக்கி, ரீவைண்டிங் செய்து, மறுபடி இறக்க வேண்டும். பயிர் அதுவரை காத்திருக்காது. விவசாயி வந்து கத்துவது டீலரிடம். வாரண்டிக்குள் எரிந்தால் செலவும் டீலர் தலையில்தான் முதலில் விழும். அந்த டீலர்தான் எங்கள் வாசகர். இந்தச் செய்தியை அவர் படிப்பார். படித்துவிட்டுப் போனும் செய்வார்.

இது ஏன் முதல் குறிப்பில் இல்லை என்று உரிமையாளரிடம் கேட்டேன். அது பொறியாளருக்குத்தான் தெரியும், குறிப்பை எழுதியது விளம்பர ஏஜென்சி என்றார். எல்லா ஊரிலும் இதே கதைதான். செய்தி பட்டறையில் இருக்கும், குறிப்பு அலுவலகத்தில் எழுதப்படும்.

அன்று இரவே திருத்தி எழுதினோம். தலைப்பு இப்படி மாறியது: ‘320 வோல்ட்டில் எட்டு மணி நேரம்: கோவை நிறுவனத்தின் புதிய 5 எச்.பி. சப்மெர்சிபிள் ஜூலையில் விற்பனைக்கு’. முதல் பத்தியில் யார், என்ன, எங்கே, எப்போது, யாருக்கு என்பதெல்லாம் வந்துவிட்டன. இரண்டாம் பத்தியில் சோதனை விவரம், மின்சேமிப்பு 15 சதவீதம் என்பதும் அதன் நிபந்தனைகளும். மூன்றாவதில் எம்.ஆர்.பி. விலை, வாரண்டிக் காலம், ஸ்பேர் எங்கே கிடைக்கும். விலையைப் போடவே உரிமையாளர் தயங்கினார். போட்டிக்காரருக்குத் தெரிந்துவிடுமாம். கடையில் ஒரு பம்பு வாங்கினால் தெரிந்துவிடும் விலையை ஒளிப்பதில் லாபம் இல்லை. விலை இல்லாத குறிப்பைப் பார்த்தால் நிருபர் இரண்டில் ஒன்றை நினைப்பார்: பொருள் இன்னும் தயாராகவில்லை, அல்லது விலை கூடுதல். நான்காவது பத்தியில் பொறியாளர் சொன்னதாக ஒரு மேற்கோள். ‘இந்தப் பம்பை அறிமுகப்படுத்துவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்’ என்று எம்.டி. சொன்னதாக ஏஜென்சி எழுதியிருந்ததை அடித்துவிட்டோம். எந்த ஆசிரியரும் அந்த வரியைத்தான் முதலில் வெட்டுவார். கடைசியில், நிறுவனத்தைப் பற்றி மூன்றே வரி. மொத்தம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது.

இதற்கு மேலே மின்னஞ்சலில் போகும் சின்னக் கடிதத்தைத்தான் பி.ஆர். வட்டாரத்தில் பிட்ச் என்கிறார்கள். குறிப்பும் பிட்சும் ஒன்றல்ல. குறிப்பு எல்லோருக்கும் பொது. பிட்ச் ஒருவருக்கு மட்டும் எழுதுவது. குறிப்பு ‘இது நடந்தது’ என்கிறது. பிட்ச் ‘இதை நீங்கள் ஏன் இந்த மாதம் எழுத வேண்டும்’ என்கிறது. அதற்கு ஐந்தாறு வரி போதும். அதற்கு மேல் போனால் அது இன்னொரு குறிப்பு ஆகிவிடும். அன்று நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்:

‘வணக்கம். கடைமடை லைன்களில் மோட்டார் எரிவது பற்றி மார்ச் இதழில் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தோம். அதே பிரச்சினைக்காக 320 வோல்ட்டில் முழுச் சுமையோடு எட்டு மணி நேரம் ஓடும் 5 எச்.பி. சப்மெர்சிபிளைச் செய்திருக்கிறோம். ஜூலையில் கொடிசியாவில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸில் விற்பனைக்கு வைக்கிறோம். சோதனை எண்கள் கீழே குறிப்பில் இருக்கின்றன. சோதனை எங்கள் பட்டறையில் நடந்தது, நீங்கள் வந்தால் உங்கள் முன்னால் மீண்டும் ஓட்டிக் காட்டுகிறோம். வடிவமைத்த பொறியாளரோடு நேராகப் பேசலாம். அவர் கைபேசி எண் இது. தினமும் மாலை 4 முதல் 7 வரை பட்டறை வேலையை விட்டுவிட்டு உங்கள் அழைப்புக்காக இருப்பார். எட்டு மாதமாக இந்தப் பம்பை ஓட்டிப் பார்க்கும் பல்லடம் விவசாயி ஒருவரும் பேசச் சம்மதித்திருக்கிறார்.’

இதில் நன்றி, பணிவு, நிறுவனப் பெருமை எதுவும் இல்லை. யாருக்கும் குறைவாகப் படவும் இல்லை. முதல் வரியைப் பாருங்கள். நிருபர் எழுதியதைப் படித்தவர் என்று அது காட்டுகிறது. ஆனால் உண்மையிலேயே படித்திருந்தால்தான் எழுத வேண்டும். ‘உங்கள் சிறப்பான கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறோம்’ என்று பொதுவாக எழுதுபவர்கள் படித்ததில்லை என்பது நிருபருக்குத் தெரியும். படிக்கவில்லையா, அந்த வரியை விட்டுவிட்டு நேராகச் செய்திக்குப் போங்கள். மின்னஞ்சலின் தலைப்பு வரியிலும் ‘பத்திரிகைச் செய்தி’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு செய்தியை விடுவதைவிட, ‘320 வோல்ட்டில் ஓடும் 5 எச்.பி. பம்பு, ஜூலை வெளியீடு’ என்று போடுவது மேல். கைபேசித் திரையில் தலைப்பின் முதல் நாலைந்து சொற்கள்தான் தெரியும்.

அனுப்பும் முறையில் நான் கண்ட கோளாறுகள் சில. குறிப்பை மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள், கூடவே வேர்டு கோப்பாகவும் இணையுங்கள். தமிழில் என்றால் யூனிகோடு. இன்னமும் பல அலுவலகங்களில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். அனுப்பியவருக்குத் தன் கணினியில் சரியாகத் தெரிவதால், பிரச்சினை இருப்பதே தெரியாது. ஒருமுறை உங்கள் கைபேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள், அங்கே தமிழாகத் தெரிந்தால் சரி.

படத்தை வேர்டு கோப்புக்குள் ஒட்டக் கூடாது, தனிக் கோப்பாகத்தான் தரவேண்டும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பொதுக் கணக்கு. ஆறு அங்குல அகலத்தில் போட 1,800 பிக்சல் தேவை. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் போகும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். உரிமையாளர் முதலில் தந்தது, அவர் பம்புக்குப் பொட்டு வைத்து மாலை போட்டுத் தேங்காய் உடைக்கும் படம். அவர் வீட்டு ஆல்பத்துக்கு நல்ல படம். எங்களுக்குத் தேவைப்பட்டது, மோட்டாரைப் பிரித்துக் காயில் தெரிகிற படம். யார் யார் படத்தில் இருக்கிறார்கள், இடமிருந்து வலம் என்ற விவரத்தையும் கோப்போடு தரவேண்டும்.

பெறுநர் கட்டத்தில் நாற்பது இதழ்களின் முகவரியையும் வரிசையாகப் போட்டு அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைப் பார்க்கும் ஒவ்வொருவரும் ‘மற்றவர் போடுவார்’ என்று விட்டுவிடுவார்கள். பி.சி.சி. கட்டத்தில் போட்டு மறைப்பது ஓரளவு நல்லது. ஆறு பேருக்கு ஆறு கடிதம் தனித்தனியாக எழுதுவதுதான் பிட்ச்.

எப்போது அனுப்புவது என்பதிலும் தவறு நடக்கிறது. மாத இதழ் கடைக்கு வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பக்கங்கள் மூடப்படும். ஜூலைக் கண்காட்சிச் செய்தி ஜூலை இதழில் வர வேண்டுமென்றால் ஜூன் தொடக்கத்திலேயே நிருபர் கையில் இருக்க வேண்டும். கண்காட்சி நாளன்று அனுப்பினால் ஆகஸ்டில் பழைய செய்தியாகத்தான் வரும். எந்தத் தேதியில் இதழ் மூடுகிறது என்று போன் செய்து கேட்டாலே சொல்லிவிடுவார்கள், அது ரகசியம் இல்லை. முன்கூட்டியே தந்து ‘ஜூலை இந்தத் தேதிக்கு முன் வெளியிட வேண்டாம்’ என்று நேரத்தடை போடுவதும் வழக்கத்தில் உண்டு, எம்பார்கோ என்பார்கள். ஆனால் குறிப்பின் தலையில் சிவப்பில் எழுதிவிட்டதால் மட்டும் அது செல்லாது. ஒப்புக்கொள்கிறீர்களா என்று முதலில் கேட்டு, சரி என்ற பதில் வந்த பிறகுதான் குறிப்பையே அனுப்ப வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனமாக இருந்தால் இன்னொரு வரம்பும் உண்டு. பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய செய்தியைச் செபி விதிப்படி முதலில் பங்குச் சந்தைக்குத்தான் தெரிவிக்க வேண்டும். நிருபருக்கு முந்தின நாள் கசியவிடுவது சட்டச் சிக்கல்.

இனி, எல்லாவற்றிலும் அதிகமாகச் சறுக்குகிற இடம்: தொடர்புக்கு என்று கீழே போடும் அந்த ஒரு வரி.

செய்திக் குறிப்பின் தொடக்கக் கதையாக எல்லோரும் சொல்வது 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரயில் விபத்து. ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பென்சில்வேனியா ரயில்வேக்காக ஐவி லீ என்பவர் எழுதித் தந்த அறிக்கையை நியூயார்க் டைம்ஸ் அப்படியே அச்சிட்டது. அதோடு நிற்காமல், நிருபர்கள் விபத்து நடந்த இடத்துக்கே போய்ப் பார்க்கவும் அவர் ஏற்பாடு செய்தார் என்பார்கள். காகிதம் மட்டும் போதாது, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி வேண்டும் என்பது அப்போதே புரிந்திருந்தது. நம் ஊரில் அந்த வழிக்குக் குறுக்கே ‘திங்கக்கிழமை கூப்பிடுங்க’ நிற்கிறது.

தொடர்புக்கு என்று போடும் ஆளுக்கு மூன்று தகுதி வேண்டும். பொருளைப் பற்றி விவரமாகத் தெரிந்திருக்க வேண்டும். அழைத்தால் போனை எடுக்க வேண்டும். யாரையும் கேட்காமல் பதில் சொல்ல அனுமதி இருக்க வேண்டும். மூன்றாவது இல்லாததால்தான் அந்தப் பொறியாளர் வாயைத் திறக்குமுன் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். போனில் நிருபருக்கு அந்தத் தயக்கம் நன்றாகக் கேட்கும். அன்று இரவு உரிமையாளரே அவரிடம் சொன்னார்: “தம்பி, விலை, டெஸ்ட் ரிப்போர்ட், வாரண்டி, எது கேட்டாலும் சொல்லிடு. டீலர் மார்ஜினும், அடுத்த மாடலும் மட்டும் வேண்டாம்.” எதைச் சொல்லக் கூடாது என்று இரண்டே இரண்டை ஒதுக்கிவிட்டால் மற்றதெல்லாம் தாராளமாக வரும். ‘அதைப் பற்றி இப்போது சொல்ல முடியாதுங்க’ என்று சொல்வதில் தவறில்லை. தெரியாத கேள்வி வந்தால், ‘பார்த்துவிட்டு ஆறு மணிக்குள் சொல்கிறேன்’ என்று சொல்லி, ஆறுக்குள் அழைக்க வேண்டும். குத்துமதிப்பாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் அது அச்சாகிவிடும், திரும்ப வாங்க முடியாது.

ஏஜென்சிக்காரரின் எண்ணை மட்டும் போடுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். தவறில்லை, ஆனால் அவரால் ஒரு கேள்விக்கும் விடை தர முடியாது. நிருபர் கேட்பதை எழுதிக்கொண்டு, நிறுவனத்துக்கு அனுப்பி, பதில் வாங்கி, திருத்தி, மறுநாள் மாலை மெயில் அனுப்புவார். அதற்குள் அந்த இடத்தில் வேறு பம்பின் செய்தி உட்கார்ந்திருக்கும். ஏஜென்சி எண்ணோடு பொறியாளர் எண்ணும் இருக்கட்டும். பல்லடம் விவசாயி போன்ற வெளி ஆள் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. பொருளை விற்பவர் சொல்வதைவிட, பயன்படுத்துபவர் சொல்வதைத்தான் ஆசிரியர் பெரிதாகப் போடுவார். ஆனால் அவருடைய சம்மதம் வாங்காமல் எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவருக்கு எங்கிருந்தோ போன் வந்து வோல்டேஜைப் பற்றிக் கேட்டால் குழம்பிப்போவார்.

பிட்ச் போன பிறகு இரண்டு மூன்று வேலை நாள் காத்திருந்து, ஒருமுறை போன் செய்யலாம். ‘மெயில் வந்துச்சாங்க?’ என்று மட்டும் கேட்பதற்குப் போன் வேண்டாம். புதிதாகத் தர ஏதாவது இருந்தால், படமோ சோதனைத் தாளோ, அதைச் சாக்கிட்டுப் பேசுங்கள். பேட்டி முடிந்ததும் ‘அச்சுக்கு முன் எங்களுக்குக் காட்டுங்கள்’ என்று கேட்பதை நிருபர்கள் விரும்புவதில்லை, பெரும்பாலும் காட்டவும் மாட்டார்கள். ‘எண்களை மட்டும் ஒருமுறை படித்துக் காட்டுகிறீர்களா’ என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். அவருக்கும் பிழை வராமல் இருப்பதுதான் முக்கியம். விளம்பரப் பேச்சை இதோடு கலக்க வேண்டாம். விளம்பரப் பிரிவு வேறு, செய்தி மேசை வேறு. சில சிறு இதழ்களில் இரண்டும் ஒருவரே என்பது உண்மைதான். அங்கே பணம் கொடுத்துச் செய்தி போட்டால் டீலர்களும் அதை அப்படித்தான் படிப்பார்கள்.

அந்தப் பம்புக்கு முழுப் பக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. கால் பக்கச் செய்தி, காயில் தெரிகிற படத்தோடு, ஜூலை இதழில் வந்தது. 30 சதவீதம் அதில் இல்லை. 15 சதவீதம் கடைசிக்கு முந்தைய வரியில் நிபந்தனையோடு இருந்தது. எழுதியது நான் இல்லை, என் சக நிருபர். முன்பே உடன் உட்கார்ந்து திருத்திக் கொடுத்த ஒன்றை நானே எடுத்து எழுதுவது முறையில்லை என்று விலகிக்கொண்டேன். அவர் பொறியாளரோடு இருபது நிமிடம் பேசினார். பட்டறைக்கும் போய் மோட்டாரை 320 வோல்ட்டில் ஓட்டச் சொல்லிப் பார்த்தார்.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று. இறுதிப் பிரதியில் பொறியாளரின் கைபேசி எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. அனுப்புவதற்கு ஐந்து நிமிடம் முன், சும்மா பார்க்கலாம் என்று உரிமையாளரின் போனிலிருந்து அந்த எண்ணை அழைத்தோம். யாரோ ஒரு அம்மா எடுத்து “ராங் நம்பருங்க” என்றார். நீங்களும் அனுப்புவதற்கு முன், தாளில் இருக்கும் எண்ணைத் தாளைப் பார்த்தே அடித்து ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.